பெரிய திரையில் எஸ்டி சேனல்: எது சரியாகும், எது சரியாகாது?

புது டிவி வந்து சுவரில் ஏறியதும் பல வீடுகளில் எழும் குறை ஒன்றுதான். கடையில் கண்ணாடி போலத் தெரிந்த படம் வீட்டில் மங்கலாகத் தெரிகிறது, சீரியல் நாயகி திடீரென்று குண்டாகிவிட்டார், பழைய படத்தில் வரும் முழுநிலா முட்டை வடிவத்தில் இருக்கிறது. டிவியில் கோளாறு என்று கடைக்காரரை அழைக்கிறார்கள், சிக்னல் சரியில்லை என்று கேபிள்காரரை அழைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு இடத்திலும் பழுது இருக்காது.

இங்கே கலந்து கிடப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். படம் இழுபடுவது செட்டிங் சார்ந்தது. ரிமோட்டை வைத்தே அதை முழுமையாகச் சரிசெய்துவிடலாம். படம் மங்குவது வேறு. அதை ஓரளவு குறைக்கலாம், ஒழிக்க முடியாது. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சலும் வீண் செலவும் மிச்சமாகும்.

முதலில் இழுபடுவதைப் பார்ப்போம். பழைய டிவியின் திரை 4:3 வடிவம், அதாவது அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய டிவி 16:9. நம் ஊர் எஸ்டி சேனல் எதுவானாலும் வழக்கமாக 720 புள்ளி அகலம், 576 வரி உயரம் என்ற ஒரே அளவில்தான் வருகிறது. அந்தப் புள்ளிகளை 4:3 ஆக விரிக்க வேண்டுமா, 16:9 ஆக விரிக்க வேண்டுமா என்பதைச் சிக்னலோடு வரும் சிறு குறிப்பு ஒன்று சொல்லும். அந்தக் குறிப்பு தவறாக வந்தாலோ, செட்டாப் பாக்ஸ் அதைச் சட்டைசெய்யாமல் விட்டாலோ படத்தின் வடிவம் கெடும்.

55 அங்குல டிவியில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரையின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. இந்த உயரத்துக்கு ஒரு 4:3 படம் 91 செ.மீ. அகலம்தான் இருக்க வேண்டும். இருபுறமும் 15 செ.மீ. அளவுக்குக் கறுப்புப் பட்டை விழும். ‘காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே’ என்று பட்டையை மறைக்க முழுத்திரைக்கும் இழுத்தால் படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேல் ஒன்று போதும். சமையல் நிகழ்ச்சியில் தோசைக்கல்லை நேர் மேலிருந்து காட்டும்போது படத்தை நிறுத்துங்கள். நிறுத்தும் வசதி பாக்ஸில் இல்லையென்றால் செல்போனில் திரையை நேராகப் படம் எடுத்து அளக்கலாம். உயரம் 30 செ.மீ., அகலமும் 30 செ.மீ. என்றால் வடிவம் சரி. அகலம் 40 செ.மீ. என்றால் 4:3 படத்தை யாரோ இழுக்கிறார்கள். அகலம் 22 அல்லது 23 செ.மீ. என்றால் நேர்மாறாக, 16:9 படத்தை 4:3 சட்டத்துக்குள் நசுக்கியிருக்கிறார்கள்.

அந்த ‘யாரோ’ பாக்ஸா, டிவியா என்று அடுத்து பார்க்க வேண்டும். இரண்டிலும் வடிவத்தை மாற்றும் செட்டிங் இருப்பதால்தான் குழப்பமே. டிவியின் ரிமோட்டை முதலில் எடுங்கள். Picture Size அல்லது Aspect Ratio பகுதியில் Original, Just Scan, 16:9 போன்ற பெயர்கள் இருக்கும். Original அல்லது Just Scan வைத்துவிட்டால் டிவி தன் பங்குக்குக் கையை வைக்காது. ஓரத்தில் எழுத்துகளை வெட்டும் ஓவர்ஸ்கேன் தொல்லையும் பெரும்பாலும் இதோடு தீரும். பிறகு பாக்ஸின் மெனுவுக்குப் போய், டிவி வகை என்று கேட்கும் இடத்தில் 16:9 என்றும், 4:3 படத்தை எப்படிக் காட்டுவது என்ற இடத்தில் Pillarbox என்றும் வையுங்கள். அங்கே Full அல்லது Stretch என்று இருந்தால் அதுதான் நாயகியைக் குண்டாக்கிய குற்றவாளி.

Smart, Wide Zoom போன்ற பெயர்களில் டிவியில் இன்னொரு வகை உண்டு. அது நடுப்பகுதியை ஓரளவு இயல்பாக விட்டுவிட்டு இரு ஓரங்களை மட்டும் அதிகமாக இழுக்கும். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளைக் கவனித்தால் இது பிடிபட்டுவிடும். வலது ஓரத்தில் அகலமாகப் புறப்படும் எழுத்து நடுவில் ஒடுங்கி, இடது ஓரத்தை நெருங்கும்போது மறுபடி அகலும். ஓடும் வேகமும் ஓரங்களில் கூடியதுபோல் இருக்கும். இந்த வகையை உடனே மாற்றிவிடுங்கள்.

நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை சூழ நடுவில் சிறு கட்டமாகப் படம் தெரிகிறதா? அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் பட்டையோடு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். Zoom என்ற தேர்வு பயன்படுகிற இடம் இதுதான். உயரத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதால் முகம் கெடாது. ஆனால் தெளிவு குறையும். சினிமாஸ்கோப் படத்தை இப்படி அனுப்பும்போது 576 வரிகளில் 327 வரிகளில்தான் படம் இருக்கிறது, மீதியெல்லாம் கறுப்பு. பெருக்கும்போது அந்த 327 வரிகளைத்தான் திரையின் அகலம் முழுக்கப் பரப்புகிறோம்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ வெளிவந்தது 1973-ல். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. சிவாஜியின் முகத்துக்கு அருகே கேமரா போகும்போது சட்டத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் தீர்மானித்தது அந்த வடிவத்தை மனத்தில் வைத்துத்தான். கறுப்புப் பட்டை வேண்டாம் என்று அதை இழுப்பது அந்த உழைப்பைச் சிதைப்பது. அந்தப் பட்டைகளை இருக்க விடுங்கள்.

இனி மங்கலுக்கு வருவோம். 4கே திரையில் 3,840 × 2,160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். எஸ்டி படத்தில் 720 × 576, சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். வகுத்தால் சரியாக 20 வருகிறது. முழுத்திரையில் காட்டும்போது ஒவ்வொரு 20 புள்ளியிலும் ஒரு புள்ளிக்கான தகவல்தான் சேனலிலிருந்து வருகிறது. மீதி 19-ஐ அக்கம்பக்கத்தைப் பார்த்து டிவியே ஊகித்து நிரப்புகிறது. இதற்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர்.

ஊகம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது? சேலையின் கரை, கட்டடத்தின் விளிம்பு போன்ற நீண்ட கோடுகளை நல்ல டிவி கூர்மையாகவே வரைந்துவிடும். கோட்டின் இரண்டு முனை தெரிந்தால் நடுவே எப்படிப் போகும் என்று ஊகிக்கலாம். சிறு எழுத்தில்தான் இந்த வித்தை தோற்கிறது. அடியில் ஓடும் செய்தியில் ஓர் எழுத்துக்கு 20 வரி உயரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வரி. ‘ண’வின் மூன்று சுழிக்கும் ‘ன’வின் இரண்டு சுழிக்கும் உள்ள வேறுபாடு நாலைந்து புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. அனுப்பும்போதே ஒன்றோடொன்று ஒட்டிப்போன சுழியை எந்த விலை டிவியும் பிரித்துத் தராது. வராத தகவலை உண்டாக்க வழியில்லை.

பழைய 21 அங்குல டிவியில் இதே சேனல் நன்றாகத்தானே இருந்தது? உண்மைதான். அந்தத் திரையில் எஸ்டியின் ஒரு புள்ளி 0.6 மி.மீ. அகலம். 55 அங்குலத்தில் அது 1.7 மி.மீ. இயல்பான பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பது கண் மருத்துவக் கணக்கு. அதன்படி 55 அங்குலத் திரையில் எஸ்டி வரிகளின் குறை தெரியாமல் இருக்க 4 மீட்டர், அதாவது சுமார் 13 அடி தள்ளி உட்கார வேண்டும். 43 அங்குலத்துக்குப் பத்தரை அடி, 32 அங்குலத்துக்கு 8 அடி. சோபாவுக்கும் டிவிக்கும் 9 அடி இடைவெளி உள்ள வீட்டில் 32-லிருந்து 55-க்கு மாறியதும் சேனல் மோசமானதுபோல் தோன்றுவது இதனால்தான்.

மங்கலுக்கு இன்னொரு காரணம், இடத்தை மிச்சப்படுத்தச் சேனலைச் சுருக்கி அனுப்புவது. பழைய சுருக்க முறை படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 55 அங்குலத்தில் அப்படி ஒரு கட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. அகலம், விரல் நகத்தின் அளவு. செய்தி வாசிப்பவர் அசையாமல் இருக்கும்போது படம் தெளிவாகவும், மழைப் பாட்டிலோ பூ தூவும் காட்சியிலோ கட்டம் கட்டமாக உடைந்தும் தெரிந்தால் அது சுருக்கத்தின் விளைவு. எந்த செட்டிங்கும் அதை மாற்றாது.

நம் கையில் இருப்பவை சில. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி கேபிளில் இணைத்திருந்தால், பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஏவி கேபிளில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் நிறம் மாறும் விளிம்புகளில் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் நகரும். எச்டிஎம்ஐக்கு மாறினால் அது நின்றுவிடும்.

அடுத்து, Vivid மோடை விட்டு Movie அல்லது Cinema மோடுக்கு வாருங்கள். பிறகு Sharpness அளவைக் குறையுங்கள். மங்கலான படத்துக்கு அதைக் கூட்டத்தான் கை போகும். ஆனால் அது புது விவரம் எதையும் தருவதில்லை, விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுக் கூர்மைபோல் காட்டுகிறது, கட்டங்களையும் சேர்த்தே தூக்கிக் காட்டுகிறது. வெளிர்ப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே குறைத்து, அந்த வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். எஸ்டி சேனலுக்கு Noise Reduction நடுத்தர அளவில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் முகம் மெழுகுபோல் ஆகிவிடும்.

பாக்ஸின் Resolution பகுதியில் Native இருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். சேனல் எந்த அளவில் வருகிறதோ அதே அளவில் டிவிக்குப் போகும், பெரிதாக்கும் வேலையை டிவி செய்யும். பொதுவாக மலிவான பாக்ஸைவிடப் புது டிவி அதைத் திறமையாகச் செய்கிறது.

வடிவத்தைச் சரியாக வைப்பதும் மங்கலைக் குறைக்கும். 4:3 படத்தை இழுக்காமல் 91 செ.மீ. அகலத்திலேயே பார்த்தால், 1.7 மி.மீ. இருந்த புள்ளி 1.3 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. கறுப்புப் பட்டைக்குக் கொடுத்த இடம் தெளிவாகத் திரும்பி வருகிறது.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் மங்கல் சேனலில் இருப்பது. வீட்டில் தினமும் பார்ப்பது நாலைந்து சேனல் என்றால் அவற்றுக்கு மட்டும் எச்டி வடிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். அதற்கு எச்டி பாக்ஸ் வேண்டும். எச்டி பாக்ஸை மட்டும் வைத்து எஸ்டி சேனலையே பார்த்தால் பெரிய பலன் இல்லை. எச்டியில் ஐந்து மடங்கு புள்ளிகள் வருவதால், டிவி ஊகிக்க வேண்டியது நான்கில் மூன்றாகக் குறைகிறது. எஸ்டி மட்டுமே போதும் என்ற வீடாக இருந்தால், டிவி வாங்கும் முன் சோபாவிலிருந்து சுவர் வரை டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 9 அடிக்கு 55 அங்குலம் வேண்டியதில்லை. 40 அங்குலத்தை ஒட்டிய டிவியே அந்த வீட்டுக்கு நல்ல படத்தைக் காட்டும்.