எந்தப் பிரதியின் சொற்களை எண்ணுவது?

"சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்" என்று பதிப்பகம் சொன்னதுமே பல மொழிபெயர்ப்பாளர்கள் மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பிரதியின் சொற்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்பவை தமிழில் உருபாக ஒட்டிக்கொள்ளும். 'வீட்டிலிருந்துதான்' நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் நான்கு. 60,000 சொற்கள் கொண்ட ஆங்கில நாவல் தமிழில் 42,000 ஆகச் சுருங்கியதாக வைத்துக்கொள்வோம். மூலத்தை எண்ணினால் 90,000 ரூபாய், தமிழை எண்ணினால் 63,000. உழைப்பு ஒன்றுதான், கூலியில் 27,000 குறைகிறது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. 'செய்துகொண்டிருந்தான்' சேர்ந்திருந்தால் கணினிக்கு ஒரு சொல், பிரிந்திருந்தால் இரண்டு. எடிட்டர் இடைவெளிகளை நீக்க நீக்கக் கூலியும் தேயும். மூலத்தின் எண்ணிக்கையோ வேலை தொடங்குமுன்பே இரு தரப்புக்கும் தெரியும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். மூலத்தை எண்ணச் சம்மதித்தால் அவர் விகிதத்தை உயர்த்திக் கேட்க வேண்டும்.

கெடுவை நாள்காட்டித் தேதியாக மட்டும் எழுதுவது ஆபத்து. இறுதி மூலப்பிரதியும் முன்பணமும் கைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை மாதம் என்று எழுதினால், பதிப்பகத்தின் தாமதம் மொழிபெயர்ப்பாளர் தலையில் விழாது. மீதிப் பணம் 'நூல் வெளியானதும்' என்றிருந்தால் அதைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். புத்தகக் காட்சி தள்ளிப்போகலாம், நூல் வராமலே போகலாம். பிரதியை ஒப்படைத்து இத்தனை நாளுக்குள் என்பதே நியாயம்.

திருத்தத்தில்தான் மனக்கசப்பு அதிகம். ஒரு வரி விடுபட்டது, பொருள் மாறியது போன்றவை மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. அவற்றுக்குக் காசு கேட்கக் கூடாது. ஆனால் ஆசிரியர் நடுவில் மூலத்தையே மாற்றினால் அது புதிய வேலை, அதற்குத் தனிக் கட்டணம். 'இரண்டு சுற்றுத் திருத்தம்' என்று மட்டும் எழுதினால் போதாது. சுற்று என்றால் என்ன என்பதும் வேண்டும்: எடிட்டர், ஆசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர் எல்லோருடைய குறிப்புகளும் ஒரே கோப்பில், ஒரே தடவையில் வருவது. இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வாக்கியம் வந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்புகள் வராவிட்டால் பிரதி ஏற்கப்பட்டதாகக் கருதப்படும் என்ற வரியும் இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமையைப் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. மொழிபெயர்ப்பும் தனிப் படைப்புதான். ஆனால் பெயர் அட்டையிலா, உள்பக்கத்திலா, எந்த அளவு எழுத்தில் என்பதையெல்லாம் சட்டம் சொல்லாது. தலைப்புப் பக்கம், அட்டை, மின்னூல், மறுபதிப்பு, இணையக் கடையின் விவரக்குறிப்பு என்று இடங்களைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் பெயர் விட்டுப்போகிறது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். 'நிரந்தரமாக' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.