நகராண்மைக் கழகம் பதில் போடவில்லையா? இரண்டாவது கடிதத்தை எப்போது, எப்படி எழுதுவது?

வீட்டுக்குப் பின்னால் லோங்காங் அடைத்து, தண்ணீர் தேங்கி, கொசு மொய்க்கிறது. கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. இந்த நிலையில் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். "அவனுங்க எங்கே செய்யப் போறானுங்க" என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் கோபத்தோடு கவுண்டரில் போய் நிற்கிறோம். மூன்றாவது வழி இருக்கிறது. அதற்குப் பெயர் சூராட் சுசூலான், அதாவது தொடர் கடிதம்.

பதில் வராததற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லோங்காங் விஷயத்தில் கடிதம் தப்பான மேசைக்குப் போவது சாதாரணம். வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் சிறிய லோங்காங் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. பெரிய ஆற்றுக் கால்வாய் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையதாக இருக்கலாம். பெருஞ்சாலை ஓரத்தில் இருந்தால் பொதுப்பணி இலாகாவைக் கேட்க வேண்டிவரும். ஆகவே இரண்டாவது கடிதம் எழுதும் முன் கடிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை நாள் கணக்கோடு பார்ப்போம். பேராக்கில் ஒரு தாமான். ஒரு குடும்பத்தலைவி 2025 மார்ச் 3, திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும்போதே ஒரு பிரதி கையில் வைத்திருந்து, அதில் 'தெரிமா' சாப்பும் தேதியும் வாங்கிக்கொள்கிறார். இந்தச் சாப்பு இல்லாவிட்டால் பின்னால் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் பலம் இருக்காது. தபாலில் அனுப்புகிறவர்கள் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

எத்தனை நாள் காத்திருப்பது? அலுவலகச் சுவரிலோ அதன் இணையப் பக்கத்திலோ 'பியாகம் பெலாங்கான்' என்ற வாடிக்கையாளர் சாசனம் இருக்கும். புகார் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் தருவோம் என்று அவர்களே அதில் எழுதியிருப்பார்கள். அந்த அலுவலகத்தில் 14 வேலை நாள் என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். வேலை நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மார்ச் 4ல் எண்ணத் தொடங்கி, சனி ஞாயிறு விட்டு, மார்ச் 18 நுஸுல் அல்-குர்ஆன் விடுமுறையையும் விட்டால், 14வது நாள் மார்ச் 24ல்தான் முடிகிறது. கெடாவில் இருப்பவர்களுக்கு வெள்ளி, சனிதான் வார விடுமுறை. அவர்கள் கணக்கு வேறாக வரும்.

கெடு முடிந்த மறுநாள், மார்ச் 25, அவர் தொலைபேசியில் அழைக்கிறார். காலை பத்து மணி வாக்கில் அழைப்பது நல்லது. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "மார்ச் 3 தேதியிட்ட எங்கள் கடிதம் பதிவாகிவிட்டதா? எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது?" பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். "ரெக்கார்ட் இல்லை" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். சாப்பு வைத்த பிரதியை மறுபடி கொடுத்தால் போதும். "என்ஜினியர் பிரிவுக்குப் போய்விட்டது" என்றால், இரண்டாவது கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது என்பது தெரிந்துவிட்டது.

அப்படியானால் உடனே எழுதிவிடலாமா? கூடாது. மார்ச் 31 ஹரிராயா. அதற்கு முந்திய சில நாள்களில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். வரும் கடிதம் கட்டுக்கு அடியில் போய்விடும். ராயா முடிந்த அடுத்த வாரம், ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்திலும் இதே கணக்குதான்.

இனி கடிதம். முதல் கடிதத்தின் தலைப்பை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டு, கீழே 'சூராட் சுசூலான்' என்று சேர்க்க வேண்டும். தலைப்பு மாறினால் புதிய புகாராக எடுத்துக்கொண்டு, நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவிட வாய்ப்புண்டு. இடையில் அவர்களிடமிருந்து ஒரு சிறு ஒப்புகைச் சீட்டு வந்திருந்தால் அதில் 'ருஜுக்கான் காமி' என்று ஓர் எண் இருக்கும். அதே எண் நம் கடிதத்தில் 'ருஜுக்கான் துவான்' ஆகிறது. அந்த எண்ணைப் பார்த்தால்தான் குமாஸ்தா பழைய கோப்பை எடுப்பார்.

உள்ளே நாலைந்து வாக்கியம் போதும். மலாயில் எழுத வேண்டியதன் பொருள் இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட விஷயமாக, மார்ச் 3 தேதியிட்ட எங்கள் கடிதத்தைத் துவானின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மார்ச் 25 அன்று தொலைபேசியில் கேட்டபோது கடிதம் என்ஜினியர் பிரிவில் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. அடைப்பு இன்னும் அப்படியே உள்ளது. ஏப்ரல் 6ல் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். இடத்தைப் பார்வையிட எந்த நாளில் வருவார்கள் என்பதை ஏப்ரல் 28க்குள் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். துவானின் உதவிக்கு முன்கூட்டியே நன்றி."

இதில் "ஏன் இன்னும் செய்யவில்லை" என்ற கேள்வியே இல்லை. அப்படிக் கேட்டால் பதில் எழுதுகிறவர் தன்னையோ மேலதிகாரியையோ காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால் எழுதாமலே விட்டுவிடுவார். பார்வையிட வரும் தேதியைக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். "கூடிய சீக்கிரம்" என்பதற்குப் பதிலாக ஏப்ரல் 28 என்று போட்டதற்கும் காரணம் உண்டு. கொடுத்த நாளிலிருந்து அது மறுபடி 14 வேலை நாள், அவர்கள் சாசனத்தின் கணக்கேதான். முழுக் கதையையும் திரும்ப எழுதத் தேவையில்லை. சாப்பு வைத்த பழைய கடிதத்தின் பிரதியை இணைத்தால் அதுவே பேசும்.

ஏப்ரல் 28ம் தாண்டிவிட்டால் இன்னொரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் பலன் இல்லையென்றால், தொழிலாளர் தின விடுமுறை கழிந்து மே 6 வாக்கில் மூன்றாவது கடிதம். இதில்தான் இரண்டு மாற்றம். ஒன்று, அதே வரிசையில் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் வீட்டு எண்ணையும் சேர்ப்பது. மற்றொன்று, அடியில் 'சாலினான் கெப்பாடா' என்று எழுதி அந்தப் பகுதிக் கவுன்சிலருக்கும் ஒரு பிரதி அனுப்புவது. இதை முதல் கடிதத்திலேயே செய்கிறவர்கள் உண்டு. எட்டுப் பேருக்குப் பிரதி போனால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அதிகாரிக்கும் மனம் கசந்துவிடும். கவுன்சிலரைக் கடைசிக்கு வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. வாட்ஸ்ஆப்பில் தினமும் படம் அனுப்புவதும் அப்படித்தான். ஒரு வாரத்தில் நம் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

கொசு விஷயம் மட்டும் இந்தக் காத்திருப்பில் சேராது. தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தாலோ, பக்கத்தில் யாருக்காவது டிங்கி கண்டாலோ, கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால், பிரதமர் துறையின் கீழ் உள்ள பிரோ பெங்காடுவான் அவாம், அதாவது பொதுப் புகார் பிரிவு இருக்கிறது. 1971ல் அமைக்கப்பட்டது. அங்கே போகும்போது சாப்பு வைத்த மூன்று பிரதிகள், தொலைபேசியில் பேசிய நாள், பேசியவர் பெயர், தேதியோடு எடுத்த படங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.