பாதசாரித் தெரு, பகிர்வுத் தெரு, மிதிவண்டித் தடம்: வாகனங்கள் எங்கே நுழையலாம்?

பாதசாரித் தெரு என்பது நடந்து செல்வோருக்கென ஒதுக்கப்பட்டு, மற்ற வாகனங்கள் நாள் முழுவதுமோ குறிப்பிட்ட நேரங்களிலோ தடுக்கப்பட்ட தெருவாகும். பகிர்வுத் தெருவில் நடப்போரும் வாகனங்களும் ஒரே பரப்பைப் பயன்படுத்துவர்; ஆனால் அங்கே நடப்போரின் வேகத்துக்கு வாகனம் இறங்கி வர வேண்டும். மிதிவண்டித் தடம் என்பது சாலையின் ஒரு பகுதியாகவோ தனிப் பாதையாகவோ மிதிவண்டிக்கு மட்டும் விடப்பட்ட இடம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சாதாரண வாகனம் நுழையலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொன்றிலும் விடை வேறு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கடைவீதிகளில் நடப்போர், இரு சக்கர வாகனங்கள், சரக்கு ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள் எல்லாம் ஒரே பரப்பில் செல்கின்றன. இவ்விரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரியில், வாகனங்களை நேரம் குறித்துத் தடுக்கும் ஒரு சாலை உள்ளது.

புதுச்சேரி கடற்கரைச் சாலை

புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அவென்யூ எனப்படும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் ஆகியவை உள்ளன. நாள்தோறும் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை இச்சாலையில் வாகனங்கள் செல்வதில்லை. மற்ற நேரங்களில் இது ஒரு சாதாரணச் சாலை. மாலை 5.30 மணிக்குக் காரில் கடந்து சென்ற ஒருவர், 6.30 மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பினால் நடந்துதான் செல்ல முடியும்.

இச்சாலையின் ஒரு பக்கம் கடல் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வாகனம் வர வழியில்லை. மறுபக்கத்தில் நகரின் நேர்கோட்டுத் தெருக்கள் வந்து முடிகின்றன; அந்த முனைகளையும் சாலையின் இரு கோடிகளையும் மூடினால் போதும். அடுத்துள்ள இணைத் தெருக்கள் வழியாகப் போக்குவரத்து தொடர்ந்து நடக்கிறது. ஒரு தெருவை மூடும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: உள்ளே வரும் வாயில்கள் எத்தனை, வெளியே திருப்பப்படும் வாகனங்களுக்கு மாற்றுவழி எது? வாயில்கள் மிகுதியாகவும் மாற்றுவழி இல்லாமலும் இருந்தால் தடை ஓரிரு வாரங்களில் தளர்ந்துவிடும்.

தடை செய்யும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தெருவின் முனையில் கயிறு கட்டிவிடுவதால் மட்டும் அது பாதசாரித் தெரு ஆகிவிடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. பொதுமக்களின் பாதுகாப்பு அல்லது வசதி, அல்லது சாலையின் தன்மை கருதி, ஒரு பகுதியிலோ சாலையிலோ எல்லா மோட்டார் வாகனங்களையும் அல்லது ஒரு வகையை மட்டும் மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த அலுவலரோ தடை செய்யலாம். தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். அத்துடன் உரிய குறியீட்டுப் பலகைகளை அந்த இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. ஆனால் உள்ளூரில் மக்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும். திருவிழாக் காலத் தடைகளுக்கு இது பொருந்தும். விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் வருகிறது. இத்தகைய நாளில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் சில மணி நேரத்துக்குப் பாதசாரித் தெருக்களாகிவிடுகின்றன. கூட்டம் கலைந்ததும் அவை பழைய நிலைக்குத் திரும்பும்.

புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் தடையைப் பிறப்பிக்கும் அதிகாரி மாறுவார். திண்டிவனத்திலிருந்து செல்லும் ஓட்டுநர் அங்குள்ள பலகையைத்தான் பின்பற்ற வேண்டும்.

தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி

பலகையோடு தடுப்புத் தூண்களும் இருந்தால் தடை உறுதியாகிவிடும் என்று பலர் எண்ணுவர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும்.

ஒரு கடைவீதியின் நடுவில் 4 மீட்டர் அகலமுள்ள வாயில் இருப்பதாகக் கொள்வோம். தீயணைப்பு வண்டி நுழைய அந்த அகலம் தேவை. அதை மூட, கழற்றி எடுக்கக்கூடிய 2 தூண்களை நடுவில் நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு 20 சென்டிமீட்டர். தூண்கள் போக எஞ்சுவது 3.6 மீட்டர், அது மூன்று இடைவெளிகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல இந்த அளவு பொருத்தமானது.

காரின் அகலம் ஏறத்தாழ 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேல். எனவே கார் நுழையாது. ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர் என்பதால் அதுவும் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியோ ஏறத்தாழ 0.8 மீட்டர்தான். அது எளிதாக உள்ளே போய்விடும். சக்கர நாற்காலி செல்லும் இடைவெளி எதுவும் மோட்டார் சைக்கிளுக்கும் போதுமானதாகவே இருக்கும். இடைவெளியைக் குறுக்கினால் முதலில் தடுக்கப்படுவது மாற்றுத்திறனாளிதான். வளைந்து நுழையும் இரும்புக் கம்பி வேலி அமைத்தாலும் இதே முடிவுதான். குழந்தை வண்டி தள்ளும் தாயும் திரும்பிப் போக நேரிடும்.

ஆகவே தூண் கார்களையும் ஆட்டோக்களையும் தடுக்கும். இரு சக்கர வாகனங்களைத் தடுப்பது ஆணையும் பலகையும் அங்கே நிற்கும் காவலரும்தான். இரு சக்கர வாகனங்கள் மிகுந்த நம் ஊர்களில், கண்காணிப்பு இல்லாத பாதசாரித் தெரு விரைவில் மோட்டார் சைக்கிள் தெருவாக மாறிவிடுகிறது. தூண்கள் வளையாமல் நிமிர்ந்து நின்றாலும், அவற்றுக்கிடையே தரையில் டயர்த் தடம் படிந்திருந்தால் தடை தோற்றுவிட்டது என்று அறியலாம்.

கடைகளுக்குச் சரக்கு வருவதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். காலையில் சில மணி நேரம் சரக்கு வண்டிகளுக்குத் தூணைக் கழற்றிவிட்டு, பிறகு பூட்டுவதே வழக்கமான தீர்வு. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். அது உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால் தீயணைப்பு வண்டி வாயிலில் நிற்கும். எல்லோரிடமும் இருந்தால் தூண் எப்போதும் கழன்றே கிடக்கும்.

பகிர்வுத் தெரு: தடை இல்லை, நிபந்தனை உண்டு

பகிர்வுத் தெருவில் வாகனம் நுழையலாம். நெதர்லாந்து 1976இல் ‘வூனெர்ஃப்’ எனப்படும் குடியிருப்புத் தெருவுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ஜெர்மனியிலும் இதுபோன்ற பகுதிகள் நீலப் பலகையால் குறிக்கப்படுகின்றன. அங்கே நடப்போர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், குழந்தைகள் விளையாடலாம், வாகனம் நடை வேகத்தில்தான் செல்ல வேண்டும், குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே நிறுத்தலாம். நடப்போரும் வாகனத்தைத் தேவையின்றி மறிக்கக் கூடாது.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படியொரு தனி வகை இல்லை. சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் வாகனம் செல்ல முடியாதது கூட்டத்தின் நெருக்கத்தால்தான். அருகிலுள்ள பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாதசாரி வளாகம், பெயர் எப்படி இருந்தாலும், வாகனங்கள் ஓடும் சாலைதான். இரு பக்கமும் நடைபாதைகள் மிக அகலமாக்கப்பட்டுள்ளன.

பகிர்வுத் தெருவுக்கு ஒரு வரம்பும் உண்டு. நடைபாதையின் விளிம்புக்கல்லை எடுத்துவிட்டுத் தரையை ஒரே மட்டமாக்கினால், பார்வையற்றோருக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போகும். கைத்தடியால் விளிம்பைத் தொட்டு உணர்ந்தே அவர்கள் நடக்கிறார்கள். லண்டனின் எக்ஸிபிஷன் சாலை இவ்வாறு ஒரே மட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்குப் பார்வைக் குறையுடையோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஒரே மட்டத்தில் அமையும் புதிய திட்டங்களை நிறுத்தி வைக்குமாறு 2018இல் பிரிட்டன் அரசு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

மிதிவண்டித் தடமும் நடைபாதையும்

இங்கே விதி தெளிவானது. சாலையில் நடைபாதையோ மிதிவண்டித் தடமோ இருந்தால், சீருடையில் உள்ள காவலரின் அனுமதியின்றி அதன்மேல் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் இருந்த இந்தத் தடை, அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் உள்ளது. இவற்றை மீறினால் 2019 திருத்தத்தின்படி 500 ரூபாய்க்குக் குறையாத, 1,000 ரூபாய் வரையிலான அபராதம் உண்டு. நெரிசலில் சிக்கிய மோட்டார் சைக்கிள் நடைபாதைமீது ஏறிச் செல்வதும் இதில் அடங்கும்.

ஜெர்மனியில் தடம் மட்டுமன்றி முழுத் தெருவையே மிதிவண்டித் தெருவாக அறிவிப்பது உண்டு. அங்கே கார் நுழைய வேண்டுமானால் அதை அனுமதிக்கும் துணைப்பலகை இருக்க வேண்டும். இருந்தாலும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பலகையைப் படிக்கும் முறை

சிவப்பு வளையமிட்ட வட்டத்தினுள் ஒரு வாகனத்தின் படம் இருந்தால், அந்த வகை வாகனத்துக்கு மட்டும் தடை. வளையத்தினுள் ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் எல்லா வாகனங்களுக்கும் இரு திசையிலும் தடை. முழுச் சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அந்த முனையிலிருந்து நுழையக் கூடாது. மறுமுனை ஒருவழிப் பாதையின் வாயிலாக இருக்கலாம். நீல வட்டத்தில் மிதிவண்டி இருந்தால் அது மிதிவண்டிக்குரிய தடம்.

வட்டத்தின் கீழே சிறிய பலகையில் நேரமோ விலக்கோ எழுதப்பட்டிருக்கலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் அந்த நேரமே விடையை மாற்றிவிடுகிறது. மேலே உள்ள படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் திறந்திருக்கும் வழியை இழப்பார். நேரத்தைப் படிக்காமல் நுழைபவர் நடப்போர் கூட்டத்துக்கு நடுவே சிக்கிக்கொள்வார்.