ஒற்றை வரி பில்

ஈரோட்டில் மஞ்சள்தூளும் மசாலாவும் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புது அட்டைப்பெட்டிக்கும் வெப்சைட்டுக்கும் படம் வேண்டுமென்று கோவையிலிருந்து ஒரு போட்டோகிராபரை அழைக்கிறார்கள். அவரும் உதவியாளரோடு போய், ஒரு நாள் முழுக்க வேலை செய்து 12 படங்கள் கொடுக்கிறார். பில்லில் ஒரே ஒரு வரி: ‘போட்டோஷூட், ரூ.60,000’. பணமும் வந்துவிடுகிறது.

எட்டு மாதம் கழித்து அவர் பெங்களூரு போகிறபோது, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் முப்பதடி அகலத்துக்கு அதே மஞ்சள் கிண்ணம் ஹோர்டிங்கில் நிற்கிறது. போன் போட்டுக் கேட்கிறார். அந்தப் பக்கம் பதில் மரியாதையாகத்தான் வருகிறது: “ஏனுங்க, காசு குடுத்துத்தானுங்களே எடுத்தோம்? எங்க படம்தானுங்களே அது?”

போட்டோகிராபருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் சட்டம் நிற்பது மசாலாக்காரர் பக்கம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சில விலக்குகளையும் வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, கூலி பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படம் அதில் ஒன்று. மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ‘கேமரா என்னுடையது, கண் என்னுடையது’ என்ற வாதம் இங்கே எடுபடாது. கல்யாண ஆல்பத்துக்கும் இதே விதிதான். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை படம் எடுக்கச் சொன்ன வீட்டாருடையது. அதைத் தன் விளம்பரத்தில் போட ஸ்டூடியோக்காரர்தான் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

அப்படியானால் விளம்பரப் படம் எடுப்பவர்கள் பில்லில் ‘பயன்பாட்டு உரிமைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி போடுகிறார்களே, அது எதற்கு? மேலே சொன்ன ‘மாறாக ஒப்பந்தம்’ இருக்கும்போதுதான் அந்த வரிக்கு உயிர். வேலை முடிந்தபின் பில்லில் எழுதிச் சேர்த்தால் அது வெறும் விலைப்பட்டியல். ஷூட்டுக்கு முன்பே அனுப்பும் கொட்டேஷனில், ‘பதிப்புரிமை படம் எடுப்பவரிடமே இருக்கும், கீழ்க்கண்ட பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் தரப்படுகிறது’ என்று எழுதி, வாடிக்கையாளர் அதற்கு எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 30-ஆம் பிரிவு. பில்லில் வரும் வரி, முன்பே பேசி முடித்ததை நினைவூட்டுவது மட்டும்தான்.

இனி அதே அறுபதாயிரத்தைப் பிரித்து எழுதிப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஊருக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறும்.

படப்பிடிப்புக் கட்டணம், ஒரு நாள், உதவியாளர், லைட் உட்பட: ரூ.30,000
படங்களைத் திருத்துதல், 12 படம், படத்துக்கு ரூ.500: ரூ.6,000
பயன்பாட்டு உரிமம், 12 படம், அட்டைப்பெட்டி, வெப்சைட், சோஷியல் மீடியா, இந்தியா முழுக்க, 2 வருடம்: ரூ.18,000
பயணமும் தங்கலும்: ரூ.6,000
கூட்டுத்தொகை: ரூ.60,000
ஜிஎஸ்டி 18% (மத்திய வரி 5,400, மாநில வரி 5,400): ரூ.10,800
மொத்தம்: ரூ.70,800
கழிக்க, முன்பதிவுத் தொகை (ரூ.20,000-மும் அதற்கான ஜிஎஸ்டி ரூ.3,600-ம்): ரூ.23,600
செலுத்த வேண்டிய மீதி: ரூ.47,200

உரிம வரியில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருப்பதைக் கவனியுங்கள்: எத்தனை படம், எதில் போடலாம், எந்த எல்லைக்குள், எத்தனை காலம். ‘எதில்’ என்பதில் ஹோர்டிங் இல்லை. ஆகவே பெங்களூரு மேம்பாலத்துக்கு வேறு கட்டணம் என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். காலத்தையும் எல்லையையும் எழுதாமல் விட்டால் சட்டமே நிரப்பிக்கொள்ளும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா முழுக்க என்பது 19-ஆம் பிரிவு. 30ஏ பிரிவின் வழியாக அது உரிமங்களுக்கும் பொருந்தும். இரண்டு வருடத்துக்கு விலை பேசிவிட்டு ‘2 வருடம்’ என்று எழுத மறந்தவர், ஐந்து வருடத்துக்குக் கொடுத்தவராகிவிடுவார்.

மசாலா நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு. ‘எல்லா உரிமையும் காலகாலத்துக்கும் எங்களுக்கே’ என்று வாங்கினால் விலை அதற்கேற்ப ஏறும். அட்டைப்பெட்டியின் டிசைன் இரண்டு வருடத்தில் மாறத்தான் போகிறது என்றால், அந்த இரண்டு வருடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதுமே.

அடுத்தது முன்பதிவுத் தொகை. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘அட்வான்ஸ்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஷூட் ரத்தாகும் நாளில்தான் அந்தச் சொல் காலை வாரும். முகூர்த்த நாளாகவோ தீபாவளி சீசனாகவோ இருந்தால், அந்தத் தேதிக்காக வேறு இரண்டு வேலைகளை அவர் மறுத்திருப்பார். ரத்தானால் வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

வீடு விற்பனை ஒன்றில் எழுந்த சதீஷ் பத்ரா, சுதீர் ராவல் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்குப் பிணையாகக் கொடுக்கும் தொகை வேறு, விலையின் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது வேறு. முதல் வகையை, கொடுத்தவர் பின்வாங்கினால் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். எந்த வகை என்பது பெயரை மட்டும் பொறுத்ததல்ல, நிபந்தனையைப் பொறுத்தது. எனவே கொட்டேஷனில், ‘இது தேதியை ஒதுக்கிவைப்பதற்கான முன்பதிவுத் தொகை. ஷூட்டுக்கு 15 நாளுக்கு முன் ரத்து செய்தால் பாதி திரும்பக் கிடைக்கும். அதற்குப்பின் ரத்து செய்தால் திரும்பாது. ஷூட் நடந்தால் மொத்தத்தில் கழிக்கப்படும்’ என்ற அளவுக்கு வெளிப்படையாக எழுதுவது நல்லது. அப்படி எழுதினாலும் மொத்தக் கட்டணத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

வரிக் கணக்கில் முன்பதிவுத் தொகைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே அதற்கு வரி கட்ட வேண்டும். ஷூட் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. அப்போது பில்லுக்குப் பதிலாக ஒரு ரசீது ஆவணம் கொடுக்க வேண்டும். ரத்தாகிப் பணத்தைத் திருப்பினால் அதற்கும் தனி ஆவணம் உண்டு. இந்த முறையில்தான் நம் உதாரணத்தில் 20,000-த்தோடு 3,600-ம் சேர்த்து 23,600 வாங்கியிருக்கிறார்.

அதை எந்த இடத்தில் கழிப்பது என்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 60,000-த்திலிருந்து 23,600-ஐக் கழித்து, மீதி 36,400-க்கு 18 சதவீதம் போட்டால் 42,952 வரும். சரியான மீதியைவிட 4,248 ரூபாய் குறைவு. வரி சேர்ந்த தொகையை வரி சேராத தொகையிலிருந்து கழித்த பிழை அது. முன்பதிவுத் தொகை எப்போதும் பில்லின் அடியில், வரியெல்லாம் கூட்டி முடித்தபின், கடைசி வரிக்கு முந்தைய வரியாக வர வேண்டும். வாங்கிய தேதியும் ரசீது எண்ணும் பக்கத்தில் இருந்தால் மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள்.

வருடத்துக்கு 20 லட்ச ரூபாய்க்குள் வரவுள்ள, பதிவு செய்துகொள்ளாத போட்டோகிராபர் ஜிஎஸ்டி என்று ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அவருடைய பில்லில் அந்த வரியே இருக்காது, மொத்தம் 60,000-த்தோடு முடிந்துவிடும்.

கடைசியாகப் பயணச் செலவு. சண்டைக்கு அதிகம் காரணமாவது இந்தச் சின்னத் தொகைதான். ‘டிராவல் 6,000’ என்று மொட்டையாக எழுதினால் கணக்குப் பிள்ளைக்குச் சந்தேகம் வரும். இப்படி விரித்தால் வராது: கார், போய்வர 220 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ரூ.14, ஆக ரூ.3,080. டோல்கேட் ரூ.420. ஒரு இரவு தங்கல், இரண்டு பேருக்கு ரூ.2,500. டோல் ரசீதும் லாட்ஜ் பில்லும் பின்னால் இணைப்பு. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதையும், தங்கலுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதையும் கொட்டேஷனிலேயே பேசி முடித்திருந்தால் இன்னும் நல்லது.

‘பெட்ரோலுக்கு நான் செலவழித்ததைத்தானே கேட்கிறேன், அதற்கு எதற்கு வரி?’ என்று தோன்றும். ஆனால் அவர் ஈரோடு போனது தன் சேவையைச் செய்வதற்காக. ஆகவே அந்தச் செலவும் சேவையின் விலையில் சேரும், வரியும் விழும். பயண வரி ஜிஎஸ்டி வரிக்கு மேலே இருப்பது அதனால்தான். வாடிக்கையாளர் சார்பில், அவர் சொல்லி, அவருக்குச் சேர வேண்டியதற்குப் பணம் கட்டி, கட்டியதை அப்படியே வாங்கிக்கொண்டால் மட்டும் கணக்கு வேறு. நிறுவனம் தனியாக ஒப்பந்தம் செய்த மாடலுக்கு அவர் போட்டுக்கொடுத்த ரயில் டிக்கெட் அந்த வகையில் வரலாம். அதைப் பில்லில் தனியாக, வரிக்குக் கீழே காட்ட வேண்டும்.

வரியைத் தனி வரியாகக் காட்டுவதில் போட்டோகிராபருக்கு இன்னொரு பலன் கிடைக்கிறது. நிறுவனம் டிடிஎஸ் பிடிப்பதாக இருந்தால், ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருக்கும்போது அதை விட்டுவிட்டு மீதித் தொகைக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும். 10 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் 60,000-த்துக்கு 6,000. முன்பதிவுத் தொகை கொடுக்கும்போது 2,000, மீதி கொடுக்கும்போது 4,000. வங்கிக்கு வந்தது 47,200 அல்ல, 43,200 என்று பார்த்ததும் ‘குறைத்துவிட்டார்கள்’ என்று பதற வேண்டியதில்லை. பிடித்தது 4,720 என்றால்தான் கேட்க வேண்டும். வரிக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

இப்போது பெங்களூரு ஹோர்டிங்குக்குத் திரும்புவோம். கொட்டேஷனில் அந்த உரிம வரி இருந்து, மசாலாக்காரர் ‘சரிங்க’ என்று பதில் அனுப்பியிருந்தால், ஹோர்டிங் ஏறுவதற்கு முன்பே ஈரோட்டிலிருந்து கோவைக்கு ஒரு போன் வந்திருக்கும். பேச்சும் வேறு மாதிரி இருந்திருக்கும்: “ஏனுங்க, அந்த மஞ்சக் கிண்ணத்தை பெங்களூர்ல மூணு மாசம் ஹோர்டிங் வைக்கலாம்னு இருக்கறோம். அதுக்கு எவ்வளவுங்க ஆகும்?”