திரைப் படிவத்தைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் ஒன்று, வாசகர்களின் கருத்தறிய கூகுள் படிவம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இளைஞர்கள் பதில் அனுப்பிவிடுவார்கள். தினமும் காலையில் வந்து நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கும். அவர்களுக்குத் தாளில்தான் கொடுத்தாக வேண்டும். கையில் இருப்பதோ படிவத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

படிவத்தை உருவாக்கியவர் எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள். கூகுள் படிவத்தைத் திருத்தும் பக்கத்தில், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அச்சிடும் வசதி இருக்கிறது. மடங்கிக் கிடக்கும் விடைப் பட்டியல்களைக்கூட அது விரித்து அச்சிட்டுத் தந்துவிடும். அந்த வழி அடைபட்டிருந்தால்தான் ஸ்கிரீன்ஷாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

படத்தை அப்படியே பிரின்ட் எடுத்துவிட்டால் என்ன? எடுக்கலாம், ஆனால் வீண். போன் திரை ஒன்றில் இரண்டு கேள்விகளுக்கு மேல் அடங்காது. ஒன்பது கேள்விகள் உள்ள படிவம் நான்கைந்து பக்கம் ஓடும். தலைப்பின் வண்ணப் பட்டை மையைக் குடிக்கும், சாம்பல் நிற எழுத்து ஜெராக்ஸில் மங்கும், பதில் எழுத இடமும் இருக்காது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. திரையில் படிவம் சத்தமில்லாமல் பல வேலைகளைச் செய்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில் தர விடாது, தேவையில்லாத கேள்வியைத் தானே தாண்டிவிடும், பதில் விட்டுப்போனால் அனுப்ப மறுக்கும். தாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. படிவம் செய்த வேலையையெல்லாம் நாம்தான் தாளில் எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் வேலை, படத்தில் தெரியாமல் ஒளிந்திருப்பதைத் தேடி எடுப்பது. நம் வாசகர் வட்டத்தின் படிவத்தில் முதல் கேள்வி வயது. படத்தில் தெரிவது ‘தேர்வுசெய்க’ என்ற சொல்லும் கீழ்நோக்கிய சிறு முக்கோணமும்தான். வயதுப் பிரிவுகள் அதற்குள் மடங்கிக் கிடக்கின்றன. அதைத் தொட்டு விரித்து இன்னொரு படம் எடுத்தால்தான் கிடைக்கும். ஐந்தாவது கேள்வி ஒரு கட்டம்: இருக்கை, வெளிச்சம், புதிய வரவுகள் ஆகியவை எப்படி என்று வரிசையாகக் கேட்டு, எதிரே ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரை ஐந்து பத்திகள். போன் திரையில் மூன்று பத்திகள் தெரிந்தாலே அதிகம். மீதி வலப்பக்கம் ஒளிந்திருக்கும். விரலால் தள்ளிப் பார்க்காமல் ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று மட்டும் தட்டச்சு செய்துவிட்டால், குறை சொல்லவே வழியில்லாத படிவமாகிவிடும்!

படத்தின் அடியில் ‘சமர்ப்பி’ என்று இல்லாமல் ‘அடுத்து’ என்று இருந்தால் இன்னும் பக்கங்கள் உண்டு என்று பொருள். அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ‘புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதுண்டா?’ என்பது ஆறாவது கேள்வி. ‘உண்டு’ என்றவருக்கு அடுத்து வருவது, தவணை நாட்கள் போதுமா என்ற கேள்வி. ‘இல்லை’ என்றவருக்கு அது வராமலே போகலாம். படம் எடுத்தவர் எந்தப் பதிலைத் தொட்டாரோ அந்தப் பாதை மட்டுமே படத்தில் இருக்கும். இரண்டு பதிலையும் தொட்டு, இரண்டு பாதையிலும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் சமர்ப்பிக்காமல் வெளியேறச் சொல்லவும் மறக்க வேண்டாம். இருவர் அனுப்பிய படங்களில் விடைகளின் வரிசை மாறியிருந்தால் குழம்ப வேண்டியதில்லை, படிவமே ஆளுக்கு ஆள் கலைத்துக் காட்டுகிறது. தாளில் ஒரு வரிசையை முடிவுசெய்து அதையே வைத்துக்கொள்ளலாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு எழுத்து மங்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்வது நல்லது. பத்துப் பதினைந்து கேள்விகள் என்றால் உட்கார்ந்து தட்டச்சு செய்வதே சுருக்கமான வழி. நீளமாக இருந்தால் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்துத் தரும். தமிழையும் படிக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காலும் ‘ர’வும் இடம் மாறும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும், விடைக்கு முன்னுள்ள வட்டம் ஆங்கில ‘ஓ’ ஆகவோ பூஜ்யமாகவோ வந்து நிற்கும். ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் தட்டச்சானதைச் சரிபார்ப்பதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

இனி விடைக் குறிகள். திரையில் வட்டம் என்றால் ஒரே பதில், சதுரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும். இது கணினிக்காரர்களின் வழக்கம். பேனா பிடித்த பெரியவருக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே குறியை மாற்றாமல் வையுங்கள், கூடவே கேள்வியின் முடிவில் ‘ஒன்றை மட்டும் டிக் செய்யவும்’ அல்லது ‘பொருந்தும் எல்லாவற்றையும் டிக் செய்யவும்’ என்று எழுதுங்கள். விண்டோஸ் வேர்டில் 2610 என்று அடித்து Alt+X அழுத்தினால் சதுரம் வரும், 25CB என்று அடித்து அழுத்தினால் வட்டம். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் கேள்விக்கு வட்டமே வேண்டாம், எண்களை இடம்விட்டு அச்சிட்டு ஒன்றைச் சுற்றி வட்டமிடச் சொல்லுங்கள். இரு முனையிலும் உள்ள ‘மிக மோசம்’, ‘மிக நன்று’ என்ற குறிப்புகள் விட்டுப்போனால் ஒன்று உயர்ந்ததா, ஐந்து உயர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு நட்சத்திரத்தைத் தாளில் போட்டுப் பயனில்லை. நிரப்பிய தாளை வாங்கும்போதே புரட்டிப் பார்த்து, விட்டதைக் கேட்பதுதான் அதற்கு மாற்று.

தாவும் கேள்விக்கு விடையை ஒட்டியே வழி சொல்ல வேண்டும்:

```
6. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதுண்டா?
   (ஒன்றை மட்டும் டிக் செய்யவும்)
   ○ உண்டு
   ○ இல்லை → கேள்வி 8-க்குச் செல்லவும்
```

இதற்காகவே கேள்விகளுக்கு எண் வேண்டும். கூகுள் படிவத்தில் பெரும்பாலும் எண் இருப்பதில்லை.

கேள்வி ஒரு பக்கத்தின் அடியிலும் விடைகள் மறுபக்கத்திலும் விழாதபடி, வேர்டின் பத்தி அமைப்பில் Keep with next என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் எழுதும் கோடுகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். ‘மற்றவை’ என்ற விடைக்குப் பக்கத்திலும் கோடு வேண்டும். பெரியவர்களுக்கு என்றால் எழுத்தளவு 14-க்குக் குறையக் கூடாது. ஒன்பது கேள்விகளும் ஏ4 தாளின் இரு பக்கத்தில் தாராளமாக அடங்கும். படத்தில் ஏற்கெனவே நிரப்பப்பட்ட பதில்களும், மேலே தெரியும் எடுத்தவரின் மின்னஞ்சலும் தாளுக்கு வந்துவிடக் கூடாது.

தாளில் வந்த பதில்களைப் பிறகு யாராவது அந்த ஆன்லைன் படிவத்திலேயே ஏற்றப் போகிறார்கள் என்றால், விடைகளின் சொற்களைத் தாளில் அழகுபடுத்த முயலாதீர்கள். அங்கே ‘60க்கு மேல்’ என்றிருந்தால் இங்கேயும் அதுவே இருக்கட்டும். ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் வரிசை எண் இடுங்கள், ஒரே தாள் இரண்டு முறை ஏறாது. ஒன்றை மட்டும் கேட்ட இடத்தில் ஒருவர் இரண்டு டிக் போட்டிருந்தால், ஏற்றுபவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி நட்சத்திரமிட்டதாக இருந்தால் படிவம் காலியாக விடாது. அப்படிப்பட்ட தாளைத் தனியே எடுத்துவைத்துப் படிவக்காரரிடம் கேளுங்கள்.

மொத்தமாக ஜெராக்ஸ் எடுக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, படிவத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் பேனாவை நிறுத்தி உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி குறிப்பு சேர்த்துவிட்டு மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.