குயில் ஃபெஸ்ட்டா, தை விழாவா? ஊர் விழாவுக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது!

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குத் திரும்பினால் குயிலாப்பாளையத்தைக் கடந்துதான் போகவேண்டும். சென்னை, பெங்களூரு வண்டிகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் டீயோ காபியோ குடித்துவிட்டு நேராக மாத்ரி மந்திர் பக்கம் போய்விடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊர், தன் கலைகளைக் காட்ட ஒரு விழா எடுக்க நினைத்தால் முதலில் எழும் கேள்வி, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான்.

'வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஸ்டைலாக வைக்கலாம்' என்று ஒரு தரப்பு சொல்லும். 'நம்ம அம்மன் பேரையே வைங்க' என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டிலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்த இரண்டு உதாரணங்களைப் பார்த்தால் அது புரியும்.

குப்பம் என்ற சொல்லை மறைக்காத விழா

சென்னை பெசன்ட் நகரையொட்டி ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று இரண்டு மீனவர் குடியிருப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே ஒரு கலை விழாவைத் தொடங்கினார்கள். கர்னாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில் நடந்தன.

முதலில் அதன் பெயரில் 'மார்கழி விழா' என்பதும் இருந்தது. மார்கழி என்றாலே சென்னையில் சபா கச்சேரி ஞாபகம் வரும். அந்தச் சொல்லைக் குப்பத்தின் பெயரோடு ஒட்டியதுமே விழா என்ன சொல்ல வருகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிறகு மார்கழி விலகி, 'ஊரூர் ஆல்காட் குப்பம் விழா' என்றே அது பரவலாக அறியப்பட்டது.

இதில் முக்கியமானது 'குப்பம்' என்ற சொல். கடற்கரையில் அதற்கு மீனவர் ஊர் என்றுதான் பொருள். நகரத்திலோ அதை இளக்காரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. வெளியாட்களை இழுக்க நினைப்பவர்கள் வழக்கமாக 'பீச்', 'பே' என்று எதையாவது போட்டு அந்தச் சொல்லை மறைத்துவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. விழாவுக்கு வர நினைத்தவர், 'குப்பத்துக்குப் போறேன்' என்று வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆட்டோக்காரரிடம் சொல்லும் முகவரியும் அதுதான்.

காலப்போக்கில் நிகழ்ச்சிகள் குப்பத்துக்கு வெளியே மற்ற இடங்களிலும் நடந்தன. அப்போது ஒரே ஊரின் பெயர் பொருந்தாமல் போனது. விழா 'சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது. ஊர்ப் பெயரை வைத்தால் விழா அந்த ஊரில் இருக்கும்வரைதான் பெயரும் பொருந்தும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வெளியார் வைத்த பெயர்

இரண்டாவது உதாரணம் குயிலாப்பாளையத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் உள்ள கூவாகத்தில், கூத்தாண்டவர் கோயில் சித்திரைப் பெருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. அது 18 நாள் விழா. பௌர்ணமி இரவில் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அரவான் பலிக்குப் பின் தாலி அறுப்பதும் நாடறிந்த காட்சி.

ஊடகங்களில் அதற்குப் பெயர் 'திருநங்கையர் திருவிழா'. அந்தப் பெயரால் கூட்டம் பெருகியது. திருநங்கையரின் குரலும் வெளியே கேட்டது. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் நேர்த்திக்கடனாக அங்கே தாலி கட்டிக்கொள்வார்கள் என்பது வெளியூரில் பலருக்குத் தெரியாது. விழுப்புரத்தில் நடக்கும் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியைக் கோயில் சடங்கின் ஒரு பகுதி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். விழாவின் ஒரு பகுதியைப் பெயராக வைத்தால், வருகிறவர்கள் அதை மட்டும்தான் தேடுவார்கள். மீதி நாள்களில் நடப்பது அவர்கள் கண்ணில் படாது.

திருவிழா வேறு, விழா வேறு

அம்மன் பெயரை வைப்பதில் என்ன சிக்கல்? 'திருவிழா' என்றால் கிராமத்தில் அதற்கென்று முறை இருக்கிறது. காப்புக் கட்டவேண்டும், கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடவேண்டும். யாருக்கு முதல் மரியாதை, சாமி எந்தத் தெரு வழியாக வரும் என்பதெல்லாம் பேசி முடிவாக வேண்டும். வடமாவட்டங்களில் தெரு விஷயத்தாலேயே நின்றுபோன திருவிழாக்கள் உண்டு.

பறை, கூத்து, சமையல் என்று எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து நடத்தவேண்டிய ஒரு கலை நாளுக்கு அம்மன் பெயரைக் கொடுத்தால், இந்தக் கேள்விகள் அத்தனையும் கூடவே வந்துவிடும். சனி, ஞாயிறு பார்த்துத் தேதியை மாற்றவும் முடியாது. ஆகவே கோயில் திருவிழா அதன் பெயரோடும் தேதியோடும் தனியாக இருக்கட்டும். புதிய நாளுக்கு 'விழா' என்ற பொதுச் சொல்லே போதும்.

குயிலாப்பாளையத்துக்கு எது பொருந்தும்?

'குயில் ஃபெஸ்ட்' சொல்ல எளிது. ஆனால் ஊர்ப் பெயரைப் பாதியில் வெட்டியதும் ஊர் தொலைந்துவிடும். போதாததற்கு, பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. பாரதி குயில் பாட்டு எழுதிய ஊர். பாரதிதாசன் 'குயில்' இதழ் நடத்திய ஊர். 'குயில் விழா' என்றால் ஏதோ இலக்கியக் கூட்டம் என்றுதான் முதலில் தோன்றும்.

'உப்பு விழா' என்றால்? உப்பளங்கள் இருப்பது சுமார் 25 கி.மீ. வடக்கே, மரக்காணத்தில். அங்கேயும் மழை ஓய்ந்து தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து, கோடையில்தான் உப்பு வாருவது மும்முரமாகும். பொங்கல் விடுமுறையில் வருகிறவர் வெள்ளை உப்புக் குவியலை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போவார். ஊரில் இல்லாததையோ, அந்த மாதத்தில் இல்லாததையோ பெயரில் சொல்லக் கூடாது.

'குயிலாப்பாளையம் தை விழா' என்று வைத்துப் பார்க்கலாம். எங்கே, எப்போது என்ற இரண்டுக்கும் பெயரிலேயே பதில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதம் என்பதால் திறந்தவெளி மேடைக்கும் பயமில்லை. எந்தத் தெய்வத்தின் பெயரும், எந்தத் தெருவின் பெயரும் அதில் இல்லை. வெளியூர்க்காரர் நாக்குக்கு நீளம்தான். ஆனால் ஆரோவில்லுக்கு வழி கேட்பவர்கள் ஏற்கெனவே பழகிய பெயர் அது.

இதிலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரைப் பல விதமாக எழுதுகிறார்கள். மேப்பில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளைத்தான் போஸ்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் போடவேண்டும். இல்லையென்றால் செல்போனில் தேடுகிறவருக்கு விழாவும் கிடைக்காது, வழியும் கிடைக்காது.

இரண்டாவது, பணம் கொடுக்கும் நிறுவனம் 'எங்கள் பெயர் முதலில் வரவேண்டும்' என்று கேட்கும். கோயில் நோட்டீஸில் எத்தனை பெரிய தொகை கொடுத்தவருக்கும் இடம் கீழே, 'உபயம்' என்ற வரியில்தான். கலை விழா நோட்டீஸிலும் அதே முறையை வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் ஏறிவிட்டால், அடுத்த வருடம் அந்த நிறுவனம் விலகும்போது விழாவின் பெயரே மாறிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. பெயரைப் போஸ்டர் அடிக்கக் கொடுக்கும் முன்பு டீக்கடையில் நாலு பேரிடமும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடமும் சொல்லிப் பார்க்கவேண்டும். 'நம்ம விழா எப்போ?' என்று கேட்டால் பெயர் சரி. 'அது யாரு நடத்துறது?' என்று கேட்டால், வேறு பெயர் யோசிக்கவேண்டும்.