நள்ளிரவில் எழுப்பிய அலாரம்

இரவு 2 மணி. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. கடை மாடியில் தூங்கிய ஐஸ்கிரீம் வியாபாரியை ஃப்ரீசர் அலாரம் எழுப்பியது. உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். மைனஸ் 15-ஐத் தாண்டினால் ஒலிக்கும்படி வைத்திருந்தார். பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டிலும் அது அணையவில்லை.

குளிர் வெளியேறிவிடும் என்பதால் அவர் மூடியைத் திறக்கவில்லை. புகை உள்ளே வராதபடி ஜெனரேட்டரை வெளியே, வாசலிலிருந்து தள்ளி வைத்து ஓட்டி, ஃப்ரீசருக்கு இணைப்புக் கொடுத்தார்.

காலையில் கப்புகள் கல்லாக இருந்தன, வடிவமும் மாறவில்லை. உருகி மறுபடி உறைந்திருந்தால் ஐஸ்கிரீம் அமுங்கி, மேலே பனித்துகள் படிந்திருக்கும். அதை விற்கக் கூடாது.

சென்சாரைச் சரக்கின் நடுவே வையுங்கள். மூடியருகே இருந்தால், திறக்கும்போதெல்லாம் வீணாக ஒலிக்கும். எரிச்சலில் அலாரத்தையே அணைத்துவிடுவோம்.